கத்தீட்டரைசேஷன்ல மூணாவது தடவையும் ஃபெயில் ஆன ஸ்டூடன்ட்: ரீ-டெமோவா, வார்டு போஸ்டிங்கா, ஸ்கில் லேப்லயே பிரிச்சுப் பிரிச்சு ப்ராக்டீஸா?

நர்சிங் காலேஜ்ல டியூட்டரா இருக்குறவங்க எல்லாருக்கும் இந்த மாதிரி ஒரு ஸ்டூடன்ட் வருஷா வருஷம் வருவாங்க. தியரில நல்ல மார்க், வார்டுல பேஷன்ட்கிட்ட பதமா பேசுவாங்க, ரெக்கார்டு நோட்டு பக்காவா இருக்கும், ஆனா ஆஸ்கி ஸ்டேஷன்ல போய் நின்னா மட்டும் ஒரு குறிப்பிட்ட ப்ரொசீஜர்ல திரும்பத் திரும்ப விழுவாங்க. இங்க செகண்ட் இயர் பொண்ணு ஒருத்திய எடுத்துக்குவோம், மலர்னு பேர் வச்சுக்கலாம். ஃபீமேல் கத்தீட்டரைசேஷன்ல மூணு அட்டெம்ப்ட், மூணும் ஃபெயில். ஸ்டாஃப் ரூம்ல இதுக்கு வழக்கமா வர்ற யோசனை மூணு: இன்னொரு தடவ டெமோ காட்டி ரீ-டெஸ்ட் வைக்கலாம், எக்ஸ்ட்ரா வார்டு போஸ்டிங் போடலாம், இல்ல ஸ்கில் லேப்ல உக்கார வச்சு தப்பு வர்ற இடத்த மட்டும் பிரிச்சு ப்ராக்டீஸ் குடுக்கலாம்.

மூணையும் ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அத பெரும்பாலும் யாரும் செய்றதில்ல. மூணு அட்டெம்ப்டோட செக்லிஸ்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். மொத்த மார்க்க பாத்தா ஒண்ணும் தெரியாது, 20க்கு 11, 12, 11னு இருக்கும், "இன்னும் ப்ராக்டீஸ் பத்தல"ன்னு எழுதி முடிச்சுடுவோம். மலரோட ஷீட்ல எந்த வரில மார்க் போச்சுன்னு பாத்தா மூணு தடவையும் ஒரே இடம்: க்ளீன் பண்ணி முடிச்சு கத்தீட்டர கைல எடுக்குற அந்த சில செகண்ட்ல ஸ்டெரிலிட்டி உடைஞ்சிருக்கு. ட்ரே செட் பண்றது, பிரைவசி குடுக்குறது, க்ளவுஸ் போடுறது, ட்ரேப் விரிக்கிறது எல்லாத்துலயும் முழு மார்க். அப்போ இவளுக்கு கத்தீட்டரைசேஷன் தெரியாதுன்னு சொல்றது தப்பு, அதுல முக்கியமா ஒரு ஸ்டெப்ல தான் கை தடுமாறுது, நாம போடப்போற ப்ளானும் மொதல்ல அந்த ஸ்டெப்புக்குத்தான் போடணும்.

இப்போ ரீ-டெமோ. டியூட்டர் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் செஞ்சு காட்டுவாங்க, அரை மணி நேரம் போயிடும், மலர் ஏற்கனவே சரியா செய்யுற முக்கால்வாசி ப்ரொசீஜர மறுபடி நின்னு வேடிக்க பாப்பா, அவ தடுமாறுற இடம் வர்றப்போ டியூட்டரோட பழகின கை சட்டுன்னு கடந்து போயிடும். பாத்தா புரியும், ஆனா கை கத்துக்காது. முழு டெமோவ விட பேட்டன்னு ஒருத்தர் சொன்ன நாலு படி முறை பரவால்ல: மொதல்ல பேசாம அசல் வேகத்துல செய்றது, அடுத்து விளக்கிட்டே செய்றது, மூணாவதா ஸ்டூடன்ட் சொல்லச் சொல்ல டியூட்டர் செய்றது, கடைசில ஸ்டூடன்டே செய்றது. இதுல மூணாவது படிதான் நமக்கு தங்கம். மலர் சொல்றத மட்டும் அப்படியே செய்யணும், அவ விட்டத நாம நெரப்பக் கூடாது. "இப்போ கத்தீட்டர எடுங்க மேடம்"னு மட்டும் சொல்லிட்டு எந்தக் கைல, எங்க புடிச்சுன்னு அவ சொல்லலன்னா, ஓட்டை எங்க இருக்குன்னு நமக்கும் தெரிஞ்சுடும் அவளுக்கும் தெரிஞ்சுடும். ஆக டெமோவ ட்ரீட்மென்டா வைக்காம டயக்னோசிஸ்க்கு வச்சுக்குறது நல்லது.

எக்ஸ்ட்ரா வார்டு போஸ்டிங்க நிறைய பேர் நம்புறாங்க, "வார்டுல நாலு கேஸ் பண்ணா தானா வந்துடும்"னு. எனக்கு இதுல பெரிய தயக்கம் இருக்கு. பிசியான வார்டுல ஸ்டூடன்டுக்கு பெரும்பாலும் கெடைக்கிறது ட்ரே புடிக்கிற வேலை, நேரம் இல்லாதப்போ சீனியர்ஸ் எடுக்குற ஷார்ட்கட்டும் சேர்ந்து மனசுல பதிஞ்சுடும். அத விட முக்கியமா, அங்க படுத்திருக்குறது ஒரு பொம்பள, வெட்கமும் வலியுமா இருப்பாங்க, அவங்க மேல வச்சு தப்ப நிறுத்தி பத்து செகண்ட் பின்னாடி போய் திரும்ப செய்ய முடியாது, ஸ்டெரிலிட்டி உடைஞ்சா விலைய யூரின் இன்ஃபெக்‌ஷனா குடுக்கப் போறது அவங்கதான். அதோட பேஷன்ட் முன்னாடி "ஏய் கைய எடு"ன்னு ஒரு சத்தம் போட்டா அன்னையோட அந்தப் பொண்ணு அந்த ப்ரொசீஜர பாத்தாலே ஒதுங்குவா. ஆனா வார்டுல மட்டும்தான் கெடைக்கிற விஷயமும் இருக்கு. மேனிகின் அசையாது, பேசாது, "வலிக்குது சிஸ்டர்"னு கால சுருக்காது. அதனால வார்டு வேணும், லேப்ல அந்த ஸ்டெப் உறுதியானதுக்கு அப்புறம், டியூட்டர் பக்கத்துலயே நிக்க.

என் ஓட்டு மூணாவதுக்கு. ஏன்னு சொல்ல மலரோட அந்த ஸ்டெப்ப கிட்டப் போய் பாக்கணும். வலது கைப் பழக்கம் உள்ளவங்க இடது கையால லேபியாவ பிரிச்சுப் புடிச்சு க்ளீன் பண்ணுவாங்க. தொட்ட அந்த நிமிஷமே இடது கை அன்ஸ்டெரைல், அது அங்கேயே இருக்கணும், கத்தீட்டர் உள்ள போய் யூரின் வர்ற வரைக்கும் விடக் கூடாது. வலது கை மட்டும் ஸ்டெரைல், ஒத்தக் கையால தான் கத்தீட்டர எடுத்து செலுத்தணும். மலர் இந்த எடத்துல இடது கைய விட்டுட்டு ரெண்டு கையாலயும் கத்தீட்டர புடிக்கிறா. கத்தீட்டரும் போச்சு, க்ளீன் பண்ண இடமும் மூடிக்கிச்சு.

ஏன் அப்படி செய்றா? இங்கதான் ஃபீட்பேக் எப்படி குடுக்குறோம்ங்கறது வருது, அதுலயும் போட்டி இருக்கு. நம்ம காலேஜுகள்ல ஓடுறது சாண்ட்விச் முறை: "கம்யூனிகேஷன் நல்லா இருந்துச்சு மா, ஸ்டெரிலிட்டி கொஞ்சம் பாத்துக்கோ, மத்தபடி சூப்பர்." கேக்க இதமா இருக்கு, ஆனா நடுவுல இருக்குற விஷயம் கரைஞ்சு போயிடுது, அவ கிட்டத்தட்ட பாஸ்னு நெனச்சுட்டு போவா, அடுத்த தடவயும் அதே தப்பு. பெண்டில்டன் முறைல ஸ்டூடன்ட் தன்னோட நல்லத சொல்லணும், அப்புறம் நாம நல்லத சொல்லணும், அதுக்கப்புறம் தான் மாத்த வேண்டியத அவ சொல்ல, நாம சொல்ல. அவளையே பேச வைக்குதுங்கற வரைக்கும் நல்லது, ஆனா மூணாவது தடவ ஃபெயில் ஆன பொண்ணுக்கு முதல் ரெண்டு சுத்தும் காதுலயே விழாது, எப்போ குண்டு விழும்னு காத்துட்டு இருப்பா.

நான் சொல்ற முறை இது: பாத்தத அப்படியே சொல்றது, அதுல நமக்கு என்ன கவலைன்னு சொல்றது, அப்புறம் அவ மனசுல அப்போ என்ன ஓடுச்சுன்னு நெஜமாவே தெரிஞ்சுக்க கேக்குறது. கதவ சாத்திட்டு, வேற யாரும் இல்லாம, ரெண்டு பேரும் உக்காந்து.

"மலர், க்ளீன் பண்ணதுக்கு அப்புறம் நீ இடது கைய விட்டுட்டு கத்தீட்டர புடிச்சத பாத்தேன் மா. அந்தக் கை ஏற்கனவே பேஷன்ட்ட தொட்டுருச்சு, அதனால இன்ஃபெக்‌ஷன் உள்ள போயிடுமோன்னு எனக்கு கவலையா இருக்கு. அந்த நேரத்துல உனக்கு என்ன தோணுச்சு?"

"கத்தீட்டர் வளைஞ்சு தொங்குச்சு மேடம், நுனி எங்கயாவது பட்டுடும்னு பயந்து ரெண்டு கையால புடிச்சேன்."

பாருங்க, அவ ஸ்டெரிலிட்டிய காப்பாத்தத்தான் ஸ்டெரிலிட்டிய உடைச்சிருக்கா! "கேர்லெஸ்"னு எழுதியிருந்தா இது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. அவளுக்கு தெரியாம போனது, நீளமான கத்தீட்டர ஒத்தக் கைல எப்படி அடக்குறதுன்னு மட்டும்தான். நுனிக்கு சில சென்டிமீட்டர் கீழ விரலால புடிச்சு, மிச்சத்த உள்ளங்கைல லூசா சுருட்டி வச்சு, அடி முனைய ஸ்டெரைல் கிட்னி ட்ரேல விடணும். அந்த ட்ரேயும் கால்களுக்கு நடுவுல ட்ரேப் மேல கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும், தள்ளி வச்சா மறுபடி ரெண்டு கை தேடும்.

அப்போ ப்ராக்டீஸ் இப்படி போகும். முதல் நாள் மேனிகினே வேண்டாம், டேபிள்ல ஒரு ட்ரே, ஒரு 14 சைஸ் ஃபோலீஸ், இடது கை ஒரு மடிச்ச டவல அழுத்திப் புடிச்சிருக்கணும், வலது கையால எடுக்கணும், சுருட்டணும், நுனில ஜெல் தடவணும், அவ்வளவுதான். இடது கை கெளம்புச்சுன்னா அங்கேயே நிறுத்தி, ஒரு வரில என்ன நடந்துச்சுன்னு சொல்லி, கொஞ்சம் பின்னாடி போய் உடனே திரும்ப. கடைசில மொத்தமா சொல்லலாம்னு சேத்து வைக்கக் கூடாது. ரெண்டாவது செஷன்ல மேனிகின்ல க்ளீனிங்ல ஆரம்பிச்சு யூரின் வர்ற வரைக்கும். மேனிகின் காஞ்சு கெடந்தா கத்தீட்டர் மாட்டிக்கும், அதுவும் ரெண்டாவது கைய இழுக்கும், நல்லா லூப்ரிகேட் பண்ணி வைங்க. மலர் யூரின் வந்ததும் உடனே பலூன ஊதுற பழக்கமும் வச்சிருக்கா, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிட்டு தான் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் ஏத்தணும், இல்லன்னா பலூன் யூரித்ராலயே விரிஞ்சு காயமாகும். ஆனா அத மூணாவது செஷனுக்கு தள்ளி வைங்க, ஒரு நேரத்துக்கு ஒரு திருத்தம் போதும். ஒரு செஷன் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ஒரே நாள்ல போட்டு அடிக்கிறத விட ரெண்டு வாரத்துல இடைவெளி விட்டு அஞ்சாறு செஷன் வச்சா தான் நிக்கும்.

சீனியர் ஸ்டூடன்ட்ட பக்கத்துல உக்கார வைக்கலாமான்னா, செஷன்களுக்கு நடுவுல வர்ற ப்ராக்டீஸ் நேரத்துக்கு சரி, செக்லிஸ்ட் கைல குடுத்து, மலர்கிட்ட சம்மதம் கேட்டுட்டு.

எழுதி வைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. "ஸ்டெரைல் டெக்னிக் வீக்"னு எழுதுறதும் "லேபியா புடிச்ச இடது கைய எடுத்து கத்தீட்டர தொட்டாங்க, 3 அட்டெம்ப்ட்லயும்"னு எழுதுறதும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னது ஆள பத்தின தீர்ப்பு, ரெண்டாவது திருத்தக்கூடிய செயல். ஒரு பக்கத்துல பாத்தது, பேசி முடிவு பண்ணது, செஷன் தேதி, ரீ-அசெஸ்மென்ட் தேதி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அவகிட்ட ஒரு காப்பி குடுங்க.

கோச் பண்ண டியூட்டரே மார்க் போடக் கூடாது, இத நான் விட்டுக் குடுக்க மாட்டேன். கூடவே இருந்து கத்துக் குடுத்தவங்களுக்கு ஃபெயில் போட மனசு வராது. ஸ்காட்லாந்துல கேத்லீன் டஃபி 2003ல நடத்துன ஆய்வு இதையேதான் பேசுச்சு, சந்தேகம் இருந்தும் மென்டர்ஸ் ஃபெயில் போடாம விட்டுடுறாங்கன்னு. ரீ-அசெஸ்மென்ட்டுக்கு முன்னாடி வேற டியூட்டர், டைமரோட ஒரு மாக் வைங்க. ப்ராக்டீஸ்ல சுத்தமா செஞ்சுட்டு மாக்ல மட்டும் கை நடுங்குதுன்னா பிரச்சன ஸ்கில்ல இல்ல, பரீட்ச பயத்துல, அதுக்கு இந்த ப்ளான் உதவாது, கவுன்சிலிங் பக்கம் போகணும், சாப்பாடு தூக்கம் ஹாஸ்டல் நெலமை எல்லாம் விசாரிக்கணும். ப்ராக்டீஸ்லயே இடது கை இன்னும் கெளம்புதுன்னா தேதிய தள்ளி வைங்க, ஆனா எதனாலன்னு அவகிட்ட நேரா சொல்லிடுங்க. தள்ளி வச்சும் மாறலன்னா ஃபெயில்னே போடுங்க, அந்த ப்ரொசீஜர மட்டும் வார்டுல அவ தனியா செய்யக் கூடாதுன்னு கிளினிக்கல் இன்சார்ஜ்க்கு எழுத்துல குடுங்க, அத மலர்கிட்ட மொதல்ல நீங்களே சொன்னதுக்கு அப்புறமா.