சலுகை முடிந்தும் தலைப்பில் "20% தள்ளுபடி": விவரம் எழுத ஆள் வைத்துப் பட்ட பாடு

ஆன்லைனில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விவரம் எழுத ஆள் பிடியுங்கள். ஏழு நாள் சலுகைக்காக ஒருவரிடம் ஒரு பொருளின் விவரத்தை எழுதக் கொடுத்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எட்டாம் நாள் காலையில்தான் வினை தெரிந்தது.

முடிவு நாளை நான் அமைப்பில் கொடுத்திருந்ததால் விலை தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் அவர் எழுதியது அப்படியே நின்றது. தலைப்பில் "20% தள்ளுபடி", விவரத்தின் முதல் வரியில் "இன்று மட்டும், SAVE20 போடுங்கள்", தேடல் முடிவில் தெரியும் மெட்டா விவரத்திலும் அதே. இதெல்லாம் போதாதென்று படத்துக்குள்ளேயே சிவப்புப் பட்டை வேறு. (ஏழு நாள் சலுகைக்கு "இன்று மட்டும்" என்பது முதல் நாளிலேயே பொய். நானும் கவனிக்கவில்லை.) கூப்பன் செல்லாது என்று வந்ததும் ஆட்கள் ஸ்கிரீன்ஷாட்டோடு சண்டைக்கு வந்தார்கள். பக்கத்தில் இருப்பது நம் எழுத்து, என்ன சொல்ல முடியும்? பதினோரு பேருக்கு என் கையிலிருந்து 20% கொடுத்தேன்.

எழுதியவரைக் கேட்டால், எழுதிக் கொடுத்தாச்சு, மாற்றத் தனிக் கட்டணம் என்றார். தலைப்பையும் வரியையும் நானே திருத்திவிட்டேன், படம்தான் மாட்டிக்கொண்டது. அவர் கொடுத்தது வெறும் ஜேபெக், லேயரோடு இருக்கும் மூலக்கோப்பு இல்லை, அதனால் பட்டையை எடுக்க முடியாமல் வேறு படம் போட வேண்டியதாயிற்று. தேடல் முடிவில் பழைய வரி இன்னும் சில நாள் தெரிந்தது, தேடுபொறி மறுபடி வந்து பக்கத்தைப் படித்த பிறகுதான் அது மாறியது.

இப்போது என் வழி இதுதான். தலைப்பு, விவரம், படம், மெட்டா நான்கிலும் பொருளைப் பற்றி மட்டும், சலுகைக்கு இடமே இல்லை. சலுகை விலை தேதியுள்ள புலத்தில் போகும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் `sale_price` கொடுத்தால் கூடவே இதையும் கொடுங்கள்:

```
sale_price_effective_date
2025-03-01T00:00+0000/2025-03-07T23:59+0000
```

சாய்கோட்டுக்கு முன்னால் தொடக்கம், பின்னால் முடிவு. அந்த `+0000` நேர மண்டலம், அங்கே உங்களுடையதைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நினைத்த நள்ளிரவில் முடியாது.

கூப்பனைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் தனிப் பட்டையில், முடிந்த பிறகு படித்தாலும் பொய்யாகாத மாதிரி எழுதுங்கள்: "SAVE20: 2025 மார்ச் 1 முதல் மார்ச் 7 இரவு 11:59 வரை செய்யும் ஆர்டர்களுக்கு 20% குறையும், அதன் பிறகு வழக்கமான விலை." பட்டையை எடுக்க மறந்தாலும் படிப்பவருக்கு முடிந்துவிட்டது என்று புரியும். "இன்றே கடைசி", "இப்போது குறைந்த விலையில்" என்பவை எந்த நாளில் படித்தாலும் அந்த நாளையே காட்டும், அதுதான் சிக்கல்.

எழுத ஆள் வைத்தால், சலுகை முடிந்ததும் எந்தெந்த வரியை எடுக்க வேண்டும் என்ற பட்டியலையும் படத்தின் மூலக்கோப்பையும் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். போன வாரமும் ஒருவர் அந்தப் பழைய சிவப்புப் பட்டைப் படத்தோடு வந்தார், அவருக்கும் கொடுத்தேன்.