2,000 டாலர் இன்வாய்ஸ், கைக்கு வந்தது 1,914: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கூலி டாலரில். முதல் வருடம் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை வைத்தே வேலையை எடை போட்டேன். இப்போது கைக்கு என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் சம்மதிக்கிறேன்.

ஒரு மாதத்தின் கணக்கைச் சொல்கிறேன். 2,000 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பினேன், வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் பணம் வந்தது. நடுவில் இருந்த வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டது. என் வங்கி வரவுக் கட்டணமாக ஏறக்குறைய 12 டாலர் பிடித்தது. இவை ரசீதில் தெரிந்தன. தெரியாதது மாற்று விகிதத்தில் போனது: அன்றைய சந்தை விகிதத்தைவிட 2.5 சதவீதம் குறைத்துக் கொடுத்திருந்தார்கள், அதாவது 49 டாலர். மொத்தம் 86 டாலர் போய், 1,914 மிஞ்சியது. வரவு வைத்த விகிதத்தை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் இந்தப் பெரிய ஓட்டை கண்ணில் படும்.

25, 12 எல்லாம் நிலையான கட்டணம். 500 டாலர் இன்வாய்ஸாக இருந்தாலும் அதே அளவு போகும். விகித இழப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம். அதனால் சின்ன வேலைகளை மாதம் ஒரே இன்வாய்ஸாகச் சேர்க்கிறேன். ஆனால் புது கிளையன்ட்டிடம் அப்படிச் செய்வதில்லை. ஒரு மாத உழைப்பு மொத்தமும் அவர் கையில் மாட்டிக்கொள்ளும்.

பணம் குறைந்து வந்தால் அனுப்பிய வங்கி தரும் பணப் பரிமாற்றப் பதிவின் நகலைக் கிளையன்ட்டிடம் கேளுங்கள். அதில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் SHA அல்லது SHAR என்றிருந்தால் நடுவில் உள்ள வங்கிகளின் கட்டணம் நம் தலையில். OUR அல்லது DEBT என்றிருந்தால் அனுப்புபவர் ஏற்கிறார். ஒப்பந்தத்திலேயே OUR என்று எழுதச் சொல்கிறேன். விகித இழப்பை அது தடுக்காது, சரி, நடுவில் உள்ள வங்கியின் கட்டணமாவது மிஞ்சும்.

தாமதம் வேறு கதை. "30 நாளில் பணம்" என்றிருந்த ஒப்பந்தத்தில் பணம் 47-ஆம் நாள் வந்தது. இன்வாய்ஸை அவர்கள் ஒப்புதல் செய்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள்! இப்போது "இன்வாய்ஸ் தேதியிலிருந்து" என்ற வார்த்தை இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

வரியில் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். ஒரு அமெரிக்க கிளையன்ட் 30 சதவீதம் பிடித்துவிட்டு மீதியை அனுப்பினார். நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை, அங்கே வசிப்பதும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்த வேலையின் கூலி அங்கே வரும் வருமானம் ஆகாது, அந்தப் பிடித்தம் தேவையே இல்லை. ஆனால் நான் அமெரிக்காவைச் சேர்ந்தவன் இல்லை என்று கிளையன்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் W-8BEN படிவத்தை நான் கொடுத்திருக்கவில்லை. இப்போது முதல் இன்வாய்ஸுக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். பொதுவாக அது கையெழுத்திட்ட வருடத்துக்கு அடுத்த மூன்றாவது வருடக் கடைசி வரை செல்லும். அப்புறம் புதுசு கொடுக்க வேண்டும்.