பேணியில் வரும் கொக்ரெயிலும் வீட்டில் கலப்பதும்: லேபல் சொல்லும் கணக்கு

கனடாவில் இருந்து அத்தானும் லண்டனில் இருந்து சின்னம்மாவின் மகனும் விடுமுறைக்குக் கிளிநொச்சிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு பிரிஜ்ஜில் விதம் விதமான பேணிகள் ஏறிவிடும். மொஹீட்டோ, ஜின் டொனிக், ஹார்ட் செல்ட்சர் என்று எல்லாவற்றையும் வருஷக்கணக்காகக் குடித்துப் பார்த்தாயிற்று. வீட்டில் கலப்பதென்றால் எங்களுக்குச் சாராயமும் தேசிக்காயும் சோடாவும்தான். ருசியில் கையால் கலந்ததைப் பேணி இன்னும் வெல்லவில்லை. அளவில் மட்டும் பேணி நேர்மையானது, ஆனால் அதன் லேபலை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான்.

வாசிப்பது கடினமில்லை. முதலில் இரண்டு எண்கள் போதும்: பேணி எத்தனை மி.லீ., அற்ககோல் எத்தனை சதவீதம். இரண்டையும் பெருக்கி 100ஆல் வகுத்தால் சுத்தமான அற்ககோல் எத்தனை மி.லீ. என்று வரும். அதை 0.79ஆல் பெருக்கினால் கிராம். 330 மி.லீ., 5% என்றால் 16.5 மி.லீ., அதாவது 13 கிராம். இனி வீட்டுக் கிளாசைப் பாருங்கள். 33.5% சாராயம் 50 மி.லீ. ஊற்றினால் அதுவும் ஏறக்குறைய 13 கிராம்தான். அப்படியென்றால் அளந்து ஊற்றிய ஒரு கிளாசும் அந்தப் பேணியும் ஒன்று. 180 மி.லீ. கால் போத்தலில் 47 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, மூன்றரைப் பேணிக்கும் கூட. "இது வெறும் சோடாதானே அண்ணை" என்று தம்பி பேணியை நீட்டும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களையும்தான்.

பேணியின் அளவு ஆளை ஏமாற்றும். கனடாவில் இருந்து வரும் உயரமான பேணி 473 மி.லீ.; அதில் 7% என்று போட்டிருந்தால் 26 கிராம். ஒரே பேணியில் இரண்டு பேணி. லண்டன் பேணியில் 'யூனிட்' என்று ஓர் எண் இருக்கும், அதை 8ஆல் பெருக்கினால் கிராம் வரும். அவுஸ்திரேலியப் பேணியில் அதேபோல 'ஸ்டாண்டர்ட் டிரிங்ஸ்' என்றிருக்கும், அங்கே ஒன்று 10 கிராம். இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எது கூட என்று பேசிப் பிரயோசனமில்லை, கிராமுக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது சீனி. சில பேணிகளில் சீனியின் அளவே எழுதியிருக்காது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, வைன் வகைகள் தவிர, 1.2 சதவீதத்துக்கு மேல் அற்ககோல் உள்ள பானத்துக்குப் பொருட்பட்டியலும் சத்து அட்டவணையும் கட்டாயமில்லை என்பது நெடுநாளைய விதி. ஆனால் கலோரியை மட்டும் பலர் போடுகிறார்கள். அது இருந்தால் சீனியைப் பிடித்துவிடலாம். ஒரு கிராம் அற்ககோலுக்கு 7 கலோரி, ஒரு கிராம் சீனிக்கு 4.

250 மி.லீ., 5% மொஹீட்டோப் பேணி ஒன்றில் 100 மி.லீ.க்கு 60 கலோரி என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இது முழுப் பேணிக்கான எண் இல்லை, முழுப் பேணிக்கு 150. அதில் அற்ககோல் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதற்கு 69 கலோரி. மிச்சம் 81. அதை 4ஆல் வகுத்தால் 20 கிராம் சீனி, நாலைந்து தேக்கரண்டி. வீட்டில் தேசிக்காய்ச் சாறுக்கு நான் இரண்டு தேக்கரண்டிச் சீனிதான் போடுகிறேன், அதுவே இனிப்பென்று மனைவி சொல்வாள்.

இதே கணக்கை 355 மி.லீ., 5%, 100 கலோரி என்று எழுதிய செல்ட்சருக்குப் போட்டால் அற்ககோல் 14 கிராம், அதற்கே 98 கலோரி போய்விடும். சீனி இல்லை என்று அவர்கள் சொல்வது அப்போ உண்மைதான். ஆனால் அதை 'லைட்' என்று நினைத்து இரண்டாவதைத் திறப்பவர் அற்ககோலைத்தான் இரட்டிப்பாக்குகிறார். சீனி வருத்தக்காரர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பேணியில் சீனி இல்லை என்பது அவருக்குப் பாதுகாப்பு ஆகாது.

செல்ட்சர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதன் ருசியும் விளங்கும். எங்கள் பனங்கள்ளும் அதுவும் அடிப்படையில் ஒரே வேலை: ஈஸ்ட் சீனியைத் தின்று அற்ககோலாக்குகிறது. கள்ளில் பாளையின் வாசனையும் புளிப்பும் நுரையும் எல்லாம் கூடவே வந்துவிடும். செல்ட்சர் செய்பவர்கள் கரும்புச் சீனியைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்து, பிறகு வடிகட்டி மணத்தையும் நிறத்தையும் எடுத்துவிட்டு, தண்ணீர் சேர்த்து, வாசனை கலந்து, காற்றேற்றுகிறார்கள். வேறு சிலர் வாற்கோதுமை மோல்ட்டில் செய்கிறார்கள், இன்னும் சிலர் வொட்காவையே ஊற்றுகிறார்கள். லேபலில் 'மோல்ட்' என்றிருந்தால் குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர் தள்ளி வைக்க வேண்டும். தவறணையில் கள்ளுக்கு லேபலே இல்லை, காலையில் இறக்கியது பின்னேரத்துக்குள் வேறொன்றாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில் பேணிக்கே என் வோட்டு.

பொருட்பட்டியல் இருந்தால் நான் தேடுவது தேசிச் சாற்றைத்தான். பெரும்பாலும் அது கடைசியில் ஒரு சதவீதமாகக் கிடக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. புளிப்புக்கு 330 என்ற சேர்க்கை எண்ணோடு சிட்ரிக் அமிலம், இனிப்புக்கு 955 என்ற எண்ணோடு சுக்ரலோஸ், மிச்சத்துக்கு 'வாசனை'. கெட்டது என்று சொல்லவில்லை. பிழிந்த சாறு சில மணித்தியாலத்திலேயே மணம் மாறிவிடும், மாதக்கணக்கில் பேணிக்குள் நிற்காது, அதனால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

வன்னியில் வேறொரு பிரச்சினை வெக்கை. தேசிக்காய்க்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சிட்ரால் என்ற பொருள் புளிப்பான தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதையும், சூடு கூடினால் வேகமாகச் சிதையும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியோடு ஒரு கோடை கிடந்த தேசிப் பேணியைத் திறந்தால் தேசி மணத்துக்குப் பதில் தரை கழுவும் திராவகமும் மருந்தும் கலந்த ஒரு வாடை அடிக்கும். காலாவதித் திகதி இன்னும் தள்ளியிருந்தும் இது நடக்கும், ஏனென்றால் அந்தத் திகதி சரியான இடத்தில் வைத்திருந்தால் என்று கணக்குப் பண்ணியது. பேணி உப்பியிருந்தாலோ விளிம்பில் கசிந்து பிசுபிசுத்தாலோ திறக்கவே வேண்டாம். மாம்பழ, பெரி வாசனைகள் தேசியைவிட வெக்கையைத் தாங்குவதை இங்கே கண்டிருக்கிறேன்.

அதனால் இப்போது வருபவர்களிடம் தேசி வாசனைப் பேணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் கலக்கும்போது சாராயத்தை 50 மி.லீ. அளவுக் கிண்ணத்தில்தான் ஊற்றுகிறேன், கண்ணளவில் ஊற்றினால் கை தாராளமாகிவிடும். அதற்கு ஒரு தேசிக்காய், இரண்டு தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர், 150 மி.லீ. சோடா, ஐஸ்கட்டி நிறைய. ஐஸ் கரைவதற்கு முன் அது 7 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும், பேணியைவிடக் கொஞ்சம் காரம். சோடாவை 250 மி.லீ.க்குக் கூட்டினால் பேணியின் 5%க்கு வந்துவிடும்.