மீட்புச் சாவியைப் பூட்டிய வட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்: ரூ. 32,500 போனது

நேற்று இரவு அந்தக் கடைக்காரர் கடைசியாகச் சொன்னது, "இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது சார்." கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிறு அலுவலகங்களுக்குச் சர்வர் அமைத்துத் தரும் உள்ளூர்க் கடை, அவ்வளவுதான்.

நான் வரிக்கணக்கு எழுதும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். எங்களிடம் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தது. அதற்குள் மெய்நிகர் கணினியாக விண்டோஸ் 11 ஓடியது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் எல்லாம் அந்த விண்டோஸில்தான். போன வருடம் அந்தக் கடையிலிருந்து வந்த இளைஞர், "சார், சர்வர் திருடு போனாலும் கணக்கை யாரும் படிக்க முடியாதபடி பிட்லாக்கர் போட்டுத் தருகிறேன்" என்றார். வட்டு முழுவதையும் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். அது கடவுச்சொல் கேட்காமல் தானாகத் திறக்க வேண்டுமானால், சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் டிபிஎம் சில்லு கணினியில் வேண்டும். மெய்நிகர் கணினியில் சில்லு ஏது? அதனால் மென்பொருளாலான ஒரு டிபிஎம்மைச் சேர்த்தார். மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு அதன் அமைப்பில் இந்த மூன்று வரிகள் போதுமாம்:

```
<tpm model='tpm-crb'>
  <backend type='emulator' version='2.0'/>
</tpm>
```

விண்டோஸுக்குள் `tpm.msc` திறந்து, டிபிஎம் தயார் என்று வந்ததைக் காட்டினார். அதுவரை வேலை சரிதான், குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பிட்லாக்கரை இயக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தரும். ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். பூட்டப் போகும் வட்டிலேயே அதைக் கோப்பாகச் சேமிக்க முயன்றால் விண்டோஸ் மறுத்துவிடும். அவருக்கும் மறுத்தது. உடனே அச்சிடும் வழியைத் தேர்ந்தெடுத்து, தாளில் அச்சிடாமல், பிடிஎஃப் கோப்பாக மாற்றி Documents கோப்புறையில் போட்டுவிட்டார். அதாவது பூட்டிய அதே வட்டில். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. "சாவி பத்திரமாக இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். கோப்பைத் திறந்து எட்டுத் தொகுதிகளையும் என் கண்ணுக்கு நேரே காட்டி, "இதோ இருக்கிறது சார், எங்கும் போகாது" என்றார். நம்பினேன். அந்த நிமிடம் ஒரு பேனா எடுத்து எழுதியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

போன மாதம் பழைய சர்வர் மெதுவாகிவிட்டது என்று புதியதற்கு மாறினோம். மாற்றும் கூலி மட்டும் ரூ. 18,000. மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பை நகலெடுத்துக்கொண்டு, புதிய சர்வரில் அதே வட்டை வைத்துப் புதிதாக ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கினார்கள். பழைய பெட்டியை அன்றைக்கே மாற்றுக்கு எடுத்துச் சென்றார்கள். மறுநாள் காலை திரையில் நீல நிறம், மீட்புச் சாவியைக் கேட்கும் பெட்டி, அதன் கீழே ஒரு சாவி அடையாள எண். வேறொன்றும் இல்லை.

தொலைபேசியில் முதல் பதில்: "விண்டோஸ் அப்டேட் பிரச்சினை சார், இரண்டு முறை அணைத்து இயக்குங்கள்." அணைத்தேன், இயக்கினேன். இரண்டாவது: "மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கும் சார்." எங்கள் விண்டோஸில் அந்தக் கணக்கே கிடையாது, உள்ளூர்ப் பயனர் கணக்குதான். அப்படி அமைத்ததே அவர்கள். மூன்றாவது: "அமைத்த பையன் விடுப்பில் இருக்கிறான்." ஒரு வாரம் கழித்து முதலாளியே பேசினார். தரவு மீட்பு செய்து பார்க்கலாம், ரூ. 14,500 முன்பணம் என்றார். அதையும் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்துவிட்டு, முடியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். பணம் திரும்பாதாம், "முயற்சிக்கான கூலி" ஆகிவிட்டதாம். ஆக மொத்தம் ரூ. 32,500. சாவி இல்லாமல் பிட்லாக்கர் வட்டை மீட்க முடியாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? தெரிந்தே வாங்கினார்கள்.

வெளியூரில் சர்வர் நிர்வாகம் பார்க்கும் என் சித்தி மகனிடம் பிறகுதான் கேட்டேன். அவன் முதலில் கேட்ட கேள்வி: "அண்ணா, பழைய சர்வர் எங்கே?" மென்பொருள் டிபிஎம்மின் நினைவு வட்டுக் கோப்புக்குள் இருக்காதாம். பழைய சர்வரில் இந்த இடத்தில் தனியாக இருக்குமாம்:

```
/var/lib/libvirt/swtpm/<uuid>/
```

சில கிலோபைட்தான். அந்த uuid மெய்நிகர் கணினியின் அடையாள எண். புதிதாக உருவாக்கினால் புது எண் வரும், வெறுமையான புது டிபிஎம் வரும். வட்டின் சாவியோ பழைய டிபிஎம்மிடம்தான் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கோப்புறையையும், பழைய எண்ணோடு கூடிய அமைப்பையும், மெய்நிகர் கணினியின் துவக்க அமைப்புகளை வைத்திருக்கும் nvram கோப்பையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் சத்தமில்லாமல் திறந்திருக்கும் என்றான். கடைக்கு ஓடினேன். பழைய பெட்டியின் வட்டை அழித்து, வேறொருவருக்கு விற்றுவிட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அவன் சொன்ன இன்னொன்று என்னை இன்னும் கொதிக்க வைத்தது. டிபிஎம் நினைவும் வட்டுக் கோப்பும் ஒரே சர்வரில், சர்வரின் வட்டு பூட்டப்படாமல் இருந்தது. திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றிருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் போயிருக்கும், விண்டோஸும் தானாகத் திறந்திருக்கும். சர்வரின் வட்டையும் பூட்டியிருக்க வேண்டுமாம். திருடனைத் தடுக்காத பூட்டு, என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இதை மட்டும் இன்றே செய்யுங்கள். விண்டோஸில் நிர்வாகி அனுமதியுடன் கட்டளைச் சாளரம் திறந்து:

```
manage-bde -protectors -get C:
```

இதில் Numerical Password என்பதன் கீழ் வரும் 48 இலக்கங்களையும், அதன் ID எண்ணையும் தாளில் எழுதுங்கள். ஒரு தாள் வீட்டில், ஒரு தாள் வேறிடத்தில். பிடிஎஃப் வேண்டாம், அதே சர்வரில் எங்கும் வேண்டாம். நீலத் திரை வந்தால், அது காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகள் உங்கள் தாளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அது வேறு சாவி.

சர்வர் மாற்றுவதற்கு முன் பூட்டை நிறுத்தி வையுங்கள்:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

புதிய இடத்தில் திறந்த பிறகு `manage-bde -protectors -enable C:` கொடுத்து மீண்டும் இயக்க மறக்காதீர்கள், அதுவரை வட்டு யாருக்கும் திறந்தே கிடக்கும். பழைய பெட்டியில் மெய்நிகர் கணினியின் பதிவை நீக்கும் virsh undefine கட்டளையைக் கொடுக்க விடாதீர்கள், --keep-tpm சேர்க்காவிட்டால் டிபிஎம் நினைவும் அழிந்துவிடும். புதியது தானாக இரண்டு முறை திறப்பதைப் பார்க்காமல் பழைய பெட்டியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ரூ. 32,500 போனது போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு எழுதப் போகிறேன். வெளிவட்டில் ஜனவரி இறுதி வரைதான் நகல் இருக்கிறது. பிப்ரவரி முதல் உள்ள ரசீதுகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும்.