கொடைக்கானல் காட்டேஜ் என்று நம்பி 8,500 ரூபாய் போச்சு: மெசேஜ் ரிக்வெஸ்ட்டில் Accept அமுக்கும் முன் இதைப் படியுங்கள்

இந்த நேரத்துக்கு நாங்கள் ஏழு பேரும் கொடைக்கானலில் இருந்திருக்க வேண்டும். மதுரையில் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டின பெட்டி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. கோபம் தணிந்த பிறகு எழுது என்றார் இவர். தணிந்தால் எழுத மாட்டேன், எனக்கே தெரியும். போனது 8,500 ரூபாய்.

எந்த ஆப் என்று பெயர் போடவில்லை. படம் போடுகிற, ரீல்ஸ் பார்க்கிற ஆப் என்றால் புரிந்துகொள்வீர்கள். அதில் ஒரு காட்டேஜ் பக்கம், உண்மையான காட்டேஜ்தான். மரவீடு, முன்னால் பைன் மரங்கள், பின்தொடர்கிறவர்கள் பல ஆயிரம் பேர். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் 7.10-க்கு அவர்கள் போஸ்ட்டுக்குக் கீழே "2 நாளைக்கு 7 பேருக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். இந்த மாதிரிப் பக்கங்களில் யாரும் விலையைக் கமெண்ட்டில் சொல்வதில்லை, "டிஎம் பாருங்க" என்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் திருடன் கடை விரித்திருக்கிறான்.

7.14-க்கு ரிக்வெஸ்ட் வந்தது. அதே படம், அதே பெயர், கடைசியில் மட்டும் ஒரு கீழ்க்கோடு அதிகம். நம் ஊர்ப்பக்கத்துக்காரர் கையால் தட்டச்சு செய்த மாதிரியே இருந்தது: "வணக்கம் மேடம், 7 பேருக்கு 2 நாள் 8,500. ரூம் போட்டோ அனுப்பணும், ரிக்வெஸ்ட் ஏத்துக்கிட்டாதான் போகும், கொஞ்சம் அக்செப்ட் பண்ணுங்க."

நான் ஏமாந்த இடம் இதுதான். அவன் சொன்னது பொய் இல்லை. நாம் பின்தொடராத ஒருவர் அந்த ஆப்பில் நமக்கு முதலில் ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடியும், அதுவும் வெறும் எழுத்து. படம், வீடியோ, குரல் எதுவும் போகாது. கண்டவர்கள் கண்ட படத்தை அனுப்பக்கூடாது என்று பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் போட்ட பூட்டு அது, நல்ல பூட்டுதான். அந்தப் பூட்டைக் காட்டியே "சாவி குடுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறான், நானும் பாவம், படம் அனுப்ப முடியாமல் தவிக்கிறாரே என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ரிக்வெஸ்ட்டைத் திறந்தால் மேலே அந்தக் கணக்கைப் பற்றி இரண்டு மூன்று வரி வரும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை போஸ்ட், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பின்தொடரவில்லை. 212 பேர் என்று இருந்தது. கண்ணால் பார்த்தேன், மனசில் ஏறவில்லை. பல ஆயிரம் பேர் இருக்கிற பக்கம் எப்படி 212 ஆனது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் 8,500 கையில் இருந்திருக்கும். அந்த நிலையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசித்திருக்கலாம். ஏற்றுக்கொள்ளும் வரை நாம் படித்தது அனுப்பினவனுக்குத் தெரியாது. கீழே Block, Delete, Accept என்று மூன்று இருந்தன. Accept அமுக்கும்போது, இனி இவர் உங்களைக் கூப்பிடலாம், நீங்கள் படித்ததும் இவருக்குத் தெரியும் என்று ஆப்பே ஒரு வரி சொல்கிறது. யார் அதைப் படிக்கிறார்கள்?

அமுக்கின மறுநிமிஷம் பதினோரு படங்கள் வந்தன. எல்லாம் அந்த உண்மையான பக்கத்திலிருந்தே எடுத்தவை என்று இப்போது தெரிகிறது. அப்புறம் ஒரு வாய்ஸ். பெரியவர் குரல், பின்னால் மழை பெய்கிற சத்தம், "வயசானவங்க வர்றாங்களா மேடம், அப்போ கீழ் ரூம் தர்றேன், படி ஏற வேணாம்" என்றார். அத்தைக்கு முழங்கால் வலி. கீழ் ரூம் என்று சொன்ன ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஏற்றுக்கொண்ட உடனே அந்த உரையாடல் தங்கச்சி, நாத்தனார் எல்லாரும் இருக்கிற பட்டியலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். புது ஆள், தெரியாத ஆள் என்ற அடையாளமே கண்ணில் படாது. அன்றைக்கு 2,500 அட்வான்ஸ். மறுநாள் காலையில் "சீசன் மேடம், இன்னொரு ஃபேமிலி முழுப்பணம் தர்றேங்கிறாங்க" என்றான், மீதி 6,000. க்யூஆரில் வேறு ஒரு ஆள் பெயர் வந்தது. மேனேஜர் அக்கவுண்ட்டாம். ஆக மொத்தம் 8,500.

இந்தச் செவ்வாய்க்கிழமை வழி கேட்டு லொகேஷன் அனுப்பச் சொன்னேன். Seen என்று விழுந்தது. பதில் இல்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவன் அனுப்பின வாய்ஸ், க்யூஆர், விலை எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. அனுப்பினவர் தன் செய்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நம் பக்கத்திலும் அழிந்துவிடும். கடைசியில் திரையில் நான் கேட்ட கேள்விகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, பைத்தியக்காரி தனக்குத்தானே பேசிக்கொண்ட மாதிரி. அப்புறம் பிளாக். நாத்தனாருக்குப் பெருமையாக அனுப்பி வைத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட் தப்பித்தன. இன்று என்னிடம் இருக்கிற சாட்சி அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டேன். பணம் போன 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். "எட்டு நாள் ஆயிடுச்சேம்மா, அன்னைக்கே கூப்பிட்டிருந்தா அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைக்கப் பாத்திருக்கலாம்" என்றார். வங்கியில், "பின் நம்பரை நீங்கதானே போட்டீங்க?" என்று ஒரு கேள்வி. ஆமாம், நான்தான் போட்டேன். அதற்கு மேல் அவர்களிடம் பேச ஒன்றும் இல்லையாம். ஆப்பில் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுத்தேன், விதிமீறல் எதுவும் தெரியவில்லை என்று மறுநாள் பதில் வந்தது.

சரி, உண்மையான காட்டேஜ்காரரிடமாவது சொல்லலாம் என்று அவர் பக்கத்துக்கு எழுதினேன். இப்போது பூட்டு என் பக்கம். அவர் என்னைப் பின்தொடரவில்லை, அதனால் நானும் ஒரே ஒரு செய்திதான் அனுப்பலாம், அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்க்க வழியே இல்லை. மூன்று நாள் பதில் இல்லை. படித்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. நேற்று மேப்பில் அவர் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். எடுத்ததும் சலிப்பாகத்தான் பேசினார்: "சீசன்ல ரிக்வெஸ்ட்லயே நூத்துக்கணக்குல கிடக்கும்மா, யாரு உக்காந்து பாக்குறது? உங்களுக்கு அன்னைக்கே ராத்திரி நாங்க விலை அனுப்பினோமே, நீங்கதான் பாக்கலை."

அனுப்பினாராமே! எங்கே? தம்பி மகன்தான் எடுத்துக் காட்டினான். மெசேஜ் பகுதியில் Requests, அதற்குள்ளே போனால் Hidden requests என்று இன்னொரு அறை. அதற்கு மணியும் அடிக்காது, சிவப்புப் புள்ளியும் வராது, நாமே போய்த் திறந்தால்தான் உண்டு. ஆபாசம், மோசடி, குப்பை என்று ஆப் சந்தேகப்படுகிற செய்திகளை அங்கே தள்ளிவிடும். அங்கே அந்த ஞாயிறு ராத்திரி 9.40 என்ற நேரத்தோடு உண்மையான காட்டேஜின் விலைப்பட்டியல் கிடக்கிறது, ஒரு பிட்காயின்காரனுக்கும் லோன்காரனுக்கும் நடுவில். இரண்டு நாளைக்கு 11,000 என்று போட்டிருக்கிறது.

ஏன் அங்கே போனது என்று நான் யோசித்துப் பார்த்தேன். அவர் எல்லாருக்கும் ஒரே பத்தியை ஒட்டி அனுப்புகிறார், அதில் இரண்டு போன் நம்பர், ஒரு லிங்க், பத்துப் பதினைந்து எமோஜி பொம்மை. இயந்திரத்தின் கண்ணுக்கு அது குப்பை அனுப்புகிறவன் லட்சணம். என்னை ஏமாற்றினவன் எனக்கென்று உட்கார்ந்து, லிங்க் இல்லாமல், நம்பர் இல்லாமல், மரியாதையாக இரண்டு வரி எழுதினான், அது மேல் அறைக்கே வந்துவிட்டது. சல்லடை ஆளைச் சலிக்கவில்லை, எழுதின தினுசைச் சலிக்கிறது. ரிக்வெஸ்ட்டில் வந்ததெல்லாம் ஆப் சோதித்து அனுப்பினது, குப்பையெல்லாம் கீழ் அறைக்குப் போய்விடும் என்று நானாக நினைத்திருந்தேன். நான் அவர்களைப் பின்தொடரவில்லை என்பதைத் தவிர அந்த மேல் அறைக்கு வேறு அர்த்தமே இல்லை.

இந்த ஆப் மட்டும் இல்லை. பேஸ்புக்கில் 2015 வரை Other என்று ஒரு பெட்டி இருந்தது, நண்பர் அல்லாதவர் எழுதினால் பெரும்பாலும் அதில் போய் விழும். வேலைக்குக் கூப்பிட்ட கடிதத்தையே மாதக்கணக்கில் கழித்துப் பார்த்தவர்கள் உண்டு. பெயர் மாறியிருக்கிறது, பெட்டி அதேதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது தலை வலிக்கிறது. Accept அமுக்கும் முன் அந்தக் கணக்கின் பெயரைத் தொட்டு உள்ளே போய்ப் பழைய போஸ்ட்களையும், பின்தொடர்கிறவர் எண்ணிக்கையையும் பாருங்கள். கமெண்ட் போட்ட சில நிமிஷத்தில் வருகிற ரிக்வெஸ்ட் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். "எங்களை ஃபாலோ பண்ணுங்க, அப்பதான் மெசேஜ் வரும்" என்பார்கள் சிலர், ஃபாலோ செய்துவிட்டால் ரிக்வெஸ்ட் அறையே கிடையாது, நேராக உள்ளே வந்துவிடுவார்கள். பணம் என்று பேச்சு வந்ததும் அந்த நிமிஷமே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வாய்ஸை இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930. அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

இன்று காலையில் அந்தக் காட்டேஜ் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நேற்று ஒன்பது பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதே படத்தோடு ஒரு புதுக் கணக்கு, இந்தத் தடவை இரண்டு கீழ்க்கோடு. ஒன்பது பேருக்கும் "ஏமாறாதீர்கள், நான் 8,500 இழந்தேன்" என்று ஒரே பத்தியை ஒட்டி அனுப்பினேன். அனுப்பி முடித்த பிறகுதான் உறைத்தது: ஒரே பத்தி, 1930 என்று எண், புகார் கொடுக்க லிங்க். என் செய்தியும் ஒன்பது பேரின் கீழ் அறையில்தான் கிடக்கும். அதனால் ஒவ்வொருவர் கமெண்ட்டுக்குக் கீழேயும் போய்க் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு பேருக்கு முடிந்தது, இன்னும் ஐந்து பேர்.