மூன்று பல்ஜும் ஒரு எக்ஸ்ட்ரூஷனும்: இரண்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகள்

பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் ரிப்போர்ட்டை நீட்டும்போதே முகத்தில் பயம் தெரியும். ஒரே வாரத்தில் வந்த இரண்டு ரிப்போர்ட்டுகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவருக்கு வயது 52. கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகளில், எல்3-எல்4, எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற மூன்று இடத்திலும் ‘டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்’, கூடவே ‘தீக்கல் சாக் இன்டென்டேஷன்’. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அவருக்கு வலி இடுப்பில் மட்டும்தான், காலுக்கு இறங்கவில்லை. இரண்டாமவருக்கு வயது 36. எல்5-எஸ்1-இல் இடது ‘பாராசென்ட்ரல் எக்ஸ்ட்ரூஷன்’, அதாவது டிஸ்க்கின் உள்பொருள் நடுவை ஒட்டி இடப்பக்கமாக வெளியே வந்திருக்கிறது; இடது எஸ்1 நரம்பு வேர் ‘கம்ப்ரெஸ்டு’. அவ்வளவுதான், ஒரே வரி. இடுப்பை விட இடது கால்தான் அவரைப் படுத்தியது: பிட்டத்தில் தொடங்கி, பின் தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இழுக்கும் வலி.

ரிப்போர்ட் நீளமாக இருந்ததால் அதிகம் பயந்தவர் முதலாமவர். ஆனால் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரே வரிதான்.

டிஸ்க்கின் ஓரம் அதன் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் லேசாக வெளியே பிதுங்கியிருந்தால் அதற்குப் பெயர் பல்ஜ். டிஸ்க் நீர் வற்றித் தட்டையாகும்போது, காற்று இறங்கிய டயர் மாதிரி ஓரம் பிதுங்கும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. அதன்படி 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதில் சுமார் 60 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. ஆக, 52 வயதில் பல்ஜ் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவருடைய வலி உண்மையானது; ஆனால் அது அந்த மூன்று பல்ஜிலிருந்துதான் வருகிறது என்று ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது.

தீக்கல் சாக் என்பது நரம்பு வேர்கள் மிதக்கும் திரவப் பை. பை லேசாக அமுங்கினால் உள்ளே இருக்கும் வேர்கள் நகர்ந்துகொள்ள இடம் உண்டு. இதைப் படித்துவிட்டு ‘நரம்பு நசுங்கிவிட்டது’ என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

நரம்பு வேர் பற்றிய வார்த்தைகளுக்குள்ளும் படிகள் உண்டு. ‘கான்டாக்ட்’ அல்லது ‘அபட்டிங்’ என்றால் தொட்டுக்கொண்டிருக்கிறது. ‘டிஸ்ப்ளேஸ்டு’ என்றால் தள்ளிவிட்டிருக்கிறது. ‘கம்ப்ரெஸ்டு’ என்றால்தான் வேர் அமுங்கியிருக்கிறது. தொடுவதை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் முடிவு செய்வதில்லை.

அமுக்கம் இருந்தாலும் அது காலோடு பொருந்த வேண்டும். எல்5-எஸ்1-இல் நடுவை ஒட்டிப் பிதுங்கினால் கீழே இறங்கிப்போகும் எஸ்1 வேர் மாட்டும். எல்4-எல்5-இல் அப்படியானால் எல்5. ஆனால் ‘ஃபொராமினல்’ என்று இருந்தால் கணக்கு மாறும்: பக்கவாட்டுத் துளையில் வெளியேறும் மேல் வேர், அதாவது எல்4, மாட்டும். எல்5 பழுதானால் கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எஸ்1 என்றால் குதிகாலைத் தூக்கி நிற்பது சிரமம், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் மங்கும். ரிப்போர்ட் இடது என்று சொல்லி, வலிப்பது வலது கால் என்றால், அந்த வரி அந்த வலிக்கான விளக்கம் இல்லை.

இரண்டாமவரைச் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னேன். வலது காலில் 20 முறை, இடது காலில் 4-க்கு மேல் முடியவில்லை. இடது கணுக்கால் ரிஃப்ளெக்ஸும் வரவில்லை. ரிப்போர்ட்டும் காலும் ஒன்றையே சொல்லின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயங்கரமாக ஒலிக்கும் எக்ஸ்ட்ரூஷன் தானாகச் சுருங்கும் வாய்ப்பு பல்ஜை விட அதிகம். வெளியே வந்த டிஸ்க் பொருளை உடம்பு அந்நியமாகப் பார்த்து, சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பல்ஜ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால், பல்ஜ் போய்விட்டதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுப்பதில் அர்த்தமில்லை. முதலாமவர் அதைத்தான் கேட்டார். நடையும் இடுப்புத் தசைப் பயிற்சியும் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாமவரை முதுகெலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். பலவீனம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே, மாத்திரையோடு ஆறு வாரம் பொறுக்கலாம், கூடினால் அறுவை சிகிச்சை என்று முடிவானது. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தோம். அது எந்த ரிப்போர்ட் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

ஆறாவது வாரம் மறுபடி சுவரைப் பிடித்து நின்றார். இடது காலில் 13.