கியர் லிவரில் ‘பி’ இருக்கிறதா என்று பார்க்காமல் கார் வாங்கிவிட்டேன்

கோவையில் இருந்து மாதம் ஒரு தடவையாவது வால்பாறை போகிற குடும்பம் எங்களுடையது. மாமனார் வீடு அங்கே. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இடது கால் முட்டி வலியால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஆனபிறகு, போன வருடம் ஆட்டோமேட்டிக் கார் தேடினேன். அந்தக் கதையில் எங்கே ஏமாந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். ஷோரூம் பெயரையும் கார் பெயரையும் கேட்காதீர்கள், இது எந்த ஷோரூமிலும் நடக்கக்கூடியது.

டெஸ்ட் டிரைவ் காலை ஒன்பதரைக்கு. வண்டியைக் கிளப்பி ஏசி போட்டு ஜில்லென்று வைத்திருந்தார்கள். அவிநாசி சாலையில் போய்த் திரும்பி வந்தால் நாலு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். பக்கத்து சீட்டில் இருந்த விற்பனைப் பையன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. “இந்த வேரியன்ட் நம்ம பட்ஜெட்டுக்கு மேலே இருக்கே” என்றேன். “ஆட்டோமேட்டிக்னா எல்லாம் ஒண்ணுதானுங்க சார், கீழ் வேரியன்ட்ல சன்ரூஃப் இருக்காது, அவ்வளவுதான்” என்றான். நம்பி முன்பணம் கட்டினேன்.

எல்லாம் ஒன்று இல்லை. நான் ஓட்டியது டர்போ எஞ்சினும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸும் உள்ள வண்டி. வீட்டுக்கு வந்தது சாதாரண எஞ்சினோடு ஏஎம்டி. ஏஎம்டி என்றால் உள்ளே இருப்பது பழைய மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதே கிளட்ச் தட்டுதான். நம் காலுக்குப் பதிலாக ஒரு சின்ன இயந்திரம் கிளட்சை மிதித்து கியரை மாற்றும். டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் சரிவில்கூட இழுத்துக்கொண்டே இருக்கும். சமதளச் சாலையில், காலியான நேரத்தில், நிதானமாக ஓட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஷோரூம்காரர்கள் கூட்டிப் போவதும் அப்படிப்பட்ட சாலையில்தான்.

வித்தியாசம் தெரிந்த இடம் ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட். முன்னால் அரசுப் பேருந்து வளைய முடியாமல் நின்றது. நானும் நின்றேன். பேருந்து நகர்ந்ததும் பிரேக்கை விட்டேன். வண்டியைப் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இருந்தது. ஆனால் அது இரண்டு விநாடிதான் பிடிக்கும். நான் தயங்கி, அப்புறம் ஆக்சிலரேட்டரைத் தொட்டு, கிளட்ச் பொறுமையாகப் பிடிப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் நின்ற ஜீப்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. பயத்தில் அடுத்த வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை லேசாக அமுக்கியே வண்டியைச் சரிவில் நிறுத்தினேன். ஏஎம்டியில் செய்யவே கூடாத காரியம் அது. கிளட்ச் பாதிப் பிடியில் உரசிக்கொண்டே இருக்கும். பதினெட்டாவது வளைவுக்குள் கருகல் வாடை வந்தது, திரையில் கிளட்ச் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கையும் வந்தது. ஓரங்கட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம்.

சர்வீஸில் சொன்னது: “நீங்க ஓட்டுற விதம் சார்.” அதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விதத்தை டெஸ்ட் டிரைவில் எனக்கு யாரும் காட்டவில்லையே. மேலாளரிடம் போனபோது, முன்பதிவுத் தாளில் நான் கையெழுத்துப் போட்ட வரியைக் காட்டினார். வேரியன்ட் பெயருக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் ஏஎம்டி என்று இருந்தது. டெஸ்ட் டிரைவ் எடுத்த வண்டி எது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஐந்தாவது மாதம் விற்றேன். ஆன்ரோடு 11 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தது, கைக்கு வந்தது ஒன்பது லட்சம்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். நம் ஊரில் விற்கும் ஏஎம்டி கார்கள் பெரும்பாலானவற்றில் கியர் லிவரில் பார்க்கிங்குக்கான ‘பி’ இருக்காது. கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். டார்க் கன்வெர்ட்டரில் ‘பி’ இருக்கும். நான் ஓட்டிய வண்டியில் இருந்தது, வாங்கிய வண்டியில் இல்லை.

இரண்டாம் தடவை வாங்கும்போது மச்சான் சொன்ன வழிதான் சரி: வாங்க நினைக்கும் மாடலையே வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை வாடகைக்கு எடுப்பது. அதிலும் ஒரு பொறி உண்டு. புக்கிங்கில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அதே வகை வண்டி’ என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு முதலில் மேனுவல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திருப்பி அனுப்பிவிட்டு, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வண்டிதானா, ஆர்சியில் என்ன வேரியன்ட், லிவரில் ‘பி’ உண்டா என்று மூன்றையும் பார்த்த பிறகே சாவியை வாங்கினேன். கீறல்களைச் சுற்றிலும் வீடியோ எடுத்தேன். பக்கத்து பங்கில் டேங்கை நிரப்பி, காற்றையும் சரிபார்த்தேன். டயரில் காற்று கூடக்குறைய இருந்தால் குலுக்கலைப் பற்றிய நம் கணிப்பெல்லாம் தப்பாகிவிடும்.

மலையில் கியர்பாக்ஸ் தேர்ச்சி. ஆனால் எதிர்பார்க்காதது வேறு. பின் சீட்டில் ஜன்னல் சிறியது, கீழ் விளிம்பு உயரத்தில் இருந்தது, உள்ளே எல்லாம் கறுப்பு. ஏழு வயது மகளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பழைய காரில் ஒரு நாளும் வாந்தி எடுக்காதவள் பன்னிரண்டாவது வளைவிலேயே எடுத்தாள். வாடகைக்காரர் சுத்தம் செய்ய 500 ரூபாய் பிடித்துக்கொண்டார், அது நியாயம்தான். வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் முன் கண்ணாடியை ஒட்டிய தூண் எதிரே வருகிற பைக்கையே மறைத்தது. நகரத்தில் எட்டிப் பார்த்துச் சமாளிக்கலாம், இங்கே வளைவுக்கு வளைவு எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இரவில் பனி இறங்கியதும் வெள்ளை எல்ஈடி விளக்கு முன்னால் ஒரு சுவரைத்தான் காட்டியது.

ஞாயிறு மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் அடுக்ககத்தின் அடித்தளச் சரிவில் இறக்கினேன். ஐந்து பேர் ஏறியிருக்க, முன் பம்பர் தரையில் உரசியது. எங்கள் பார்க்கிங் தூணுக்கும் கதவுக்கும் நடுவில் அம்மாவால் இறங்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கும் முன் மறுபடி டேங்கை நிரப்பினேன்: 250 கிலோமீட்டருக்கு 20 லிட்டர், அதாவது லிட்டருக்குப் பன்னிரண்டரை.

வண்டி ஏற்கெனவே 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. அதனால் கடகட சத்தத்தையும் பிரேக் மந்தத்தையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. எத்தனையோ பேர் கை மாறிய வண்டி அது. ஜன்னலின் உயரமும் முன் கண்ணாடித் தூணின் அகலமும் பழசானாலும் மாறாதவை, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த மாடலை வாங்கவில்லை. அடுத்த மாதம் இன்னொன்றை வாடகைக்கு எடுத்தோம், மகள் வால்பாறை வரை தூங்காமல் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். முன்பதிவுக்குப் போனபோது டெஸ்ட் டிரைவ் வண்டியின் நம்பர் பலகை, கியர் லிவர், முன்பதிவுத் தாளில் வேரியன்ட் வரி மூன்றையும் விற்பனையாளர் கண் முன்னாலேயே படம் பிடித்தேன். “எதுக்குங்க சார்?” என்றார். சும்மா என்றேன்.